கனத்த வாக்கியங்களை நடக்கவைப்பது: மலையகத்தில் கடிதமும் செய்தியும் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் "மேற்கொள்ளப்பட்டுள்ளது", "வழங்கப்பட்டுள்ளது" என்றே முடிகிறது. அதில் என்ன பிழை?

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் வாசிக்கிறவருக்குத் தேவையான இரண்டு விஷயங்கள் அதில் காணாமல் போகின்றன: யார் செய்தார், என்ன செய்தார்.

"திருத்தப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன" என்ற வரியைப் பாருங்கள். செய்தவர் இல்லை. செய்த செயல் "திருத்தம்" என்ற பெயர்ச்சொல்லுக்குள் அடங்கிவிட்டது. வினைமுற்று நிற்க வேண்டிய இடத்தில் எதற்கும் பொருந்தும் ஒரு சொல் நிற்கிறது. ஆய்வையும் மேற்கொள்ளலாம், பயணத்தையும் மேற்கொள்ளலாம், திருத்தத்தையும் மேற்கொள்ளலாம். அந்தச் சொல்லை மட்டும் வைத்து என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. "நிர்வாகம் குழாயைத் திருத்தியது" என்பதில் மூன்றே சொற்கள். மூன்றும் செய்தி சொல்கின்றன.

தமிழில் இது கூடுதலாக உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. வாசிக்கிறவர் அதுவரை எல்லாவற்றையும் மனதில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். கடைசியில் வருவது வெறும் "மேற்கொள்ளப்பட்டது" என்றால் காத்திருந்தது வீண். இன்னொன்று, "திருத்தினார்கள்" என்ற ஒரே சொல்லில் காலம், எண், மரியாதை, செய்தவர்கள் மனிதர்கள் என்ற தகவல் எல்லாம் இருக்கின்றன. "திருத்தப்பட்டது" என்று மாற்றியதும் செய்தவரைப் பற்றிய தகவல் முழுவதும் உதிர்ந்து, குழாய் மட்டும் மிஞ்சுகிறது.

நான் எழுதியதில் எது கனத்த வாக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலிருந்து இடதுபக்கமாகப் பாருங்கள்.

மேற்கொள், முன்னெடு, இடம்பெறு, நடவடிக்கை எடு, வழங்கு, உட்படுத்து ஆகியவைதான் நம் ஊர்க் கடிதங்களிலும் செய்திகளிலும் அதிகம் வரும் வெற்று வினைகள். இவற்றில் ஒன்று கடைசியில் இருந்தால் அதற்கு முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். பெரும்பாலும் உண்மையான வினை அங்கேதான் ஒளிந்திருக்கும். "விசாரணை முன்னெடுக்கப்படுகிறது" என்பதில் அது "விசாரி". "அறிவித்தல் வழங்கப்பட்டது" என்பதில் "அறிவி". "கள விஜயம் மேற்கொள்ளப்பட்டது" என்பதில் "வந்து பார்".

அந்த வினையை வெளியே எடுத்து, "யார்?" என்று கேளுங்கள். விசாரிப்பது யார்? பொலிஸார். அறிவித்தது யார்? கிராம உத்தியோகத்தர். வந்து பார்த்தது யார்? பொறியியலாளர். விடையை முன்னால் வையுங்கள், வினையைப் பின்னால் வையுங்கள். பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நடுவில் தொங்கும் ஒட்டுச்சொற்கள். "தொடர்பில்", "தொடர்பான", "காரணமாக", "நிமித்தம்", "அடிப்படையில்" ஆகியவை பெயர்ச்சொற்களை ஒன்றோடொன்று கட்டிவைக்க வருகின்றன. வினை வெளியே வந்த பிறகு இவற்றில் பலவற்றுக்கு வேலை இருக்காது. "நீர் விநியோகம் தொடர்பான முறைப்பாடு செய்யப்பட்டது" என்பது "தண்ணீர் வரவில்லை என்று முறையிட்டோம்" என்று ஆகும்போது "தொடர்பான" தானாக உதிர்ந்துவிடுகிறது. "விநியோகமானது", "நிர்வாகமானது" என்று பெயருக்குப் பின்னால் ஒட்டும் "ஆனது" என்பதையும் அப்போதே எடுத்துவிடலாம். எடுத்ததால் எதுவும் குறையாது.

ஒரு முழுக் கடிதத்தை எடுத்து மாற்றிக் காட்ட முடியுமா?

சரி. கீழே உள்ளது இதற்காக நானே கட்டிய கடிதம். ஆனால் இதே அச்சில் வார்த்த கடிதங்களைத் தோட்டங்களில் நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

> எமது தோட்டத்தின் மேற்பிரிவில் அமைந்துள்ள லயன் குடியிருப்புகளுக்கான குடிநீர் விநியோகமானது கடந்த மாதம் இடம்பெற்ற மண்சரிவினால் குழாய்கள் சேதப்படுத்தப்பட்டமையின் காரணமாகத் தடைப்பட்டுள்ளதுடன், இது தொடர்பில் தோட்ட நிர்வாகத்திற்கு அறிவித்தல் வழங்கப்பட்ட போதிலும் இதுவரை எவ்விதத் திருத்தப் பணிகளும் மேற்கொள்ளப்படாமையினால் மக்களால் பல்வேறு அசௌகரியங்கள் எதிர்நோக்கப்படுகின்றன என்பது தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகின்றது.

முழுக் கடிதமும் ஒரே வாக்கியம். அதை முடித்துவைக்கும் வினைமுற்று "கொண்டுவரப்படுகின்றது", அதாவது கடிதம் எழுதியவர் கடிதம் எழுதுகிறார் என்ற செய்தி. தண்ணீர் வரவில்லை என்ற உண்மையான செய்தி நடுவில் எங்கோ புதைந்து கிடக்கிறது. முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும். "குடிநீர் விநியோகமானது தடைப்பட்டுள்ளது" என்பதை வீட்டில் எப்படிச் சொல்வோம்? தண்ணீர் வருவதில்லை. இதுவே முதல் வாக்கியம். உடனே ஒரு கேள்வி எழும்: எத்தனை லயங்களுக்கு, என்றிலிருந்து? பழைய வாக்கியத்தில் அதற்கு இடமே இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

அடுத்து "மண்சரிவினால் குழாய்கள் சேதப்படுத்தப்பட்டமையின் காரணமாக". "சேதப்படுத்து" என்றால் யாரோ வேண்டுமென்றே சேதம் செய்த தொனி வருகிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. மண் சரிந்தது, குழாய் உடைந்தது. இரண்டு சின்ன வினைகள் போதும்.

கடிதத்தின் பலவீனமான இடம் "அறிவித்தல் வழங்கப்பட்ட போதிலும்". யார் அறிவித்தார்? யாரிடம்? வாய்மொழியாகவா, எழுத்திலா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் இந்த இடத்தைச் செய்வினையாக மாற்றவே முடியாது. லயத்துக்குப் போய்க் கேட்டால்தான் தோட்டத் தலைவர் மறுநாளே முகாமையாளரைப் பார்த்துச் சொன்னார், பிறகு எழுத்திலும் கொடுத்தார், அதன் பிரதி அவர் வீட்டில் இருக்கிறது என்பதெல்லாம் வெளியே வரும். அந்தப் பிரதிதான் இந்தக் கடிதத்தின் பலம்.

"பல்வேறு அசௌகரியங்கள்" என்பதும் அப்படித்தான். அசௌகரியப்படுகிறவர் யார், அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் குடமும் ஓடையும் வருகின்றன. கடைசியாக ஒன்று: பழைய கடிதத்தில் கோரிக்கையே இல்லை. செயலாளரின் கவனத்துக்கு விஷயத்தைக் கொண்டுவந்துவிட்டு, அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமலே முடிகிறது. இப்படியான கடிதத்தில் "பார்த்தேன்" என்று குறிப்பெழுதிக் கோப்பில் போட்டுவிட ஓர் அதிகாரிக்கு முழு வாய்ப்பு இருக்கிறது.

மாற்றிய பிறகு:

> எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவில் உள்ள மூன்று லயங்களுக்கு மே 12ஆம் திகதியிலிருந்து தண்ணீர் வருவதில்லை. அன்றிரவு பெய்த மழையில் மண் சரிந்து, ஊற்றிலிருந்து வரும் குழாய் உடைந்துவிட்டது. மறுநாள் காலையில் தோட்டத் தலைவர் முகாமையாளரைச் சந்தித்து இதைச் சொன்னார். 20ஆம் திகதி எழுத்திலும் கொடுத்தார். அதன் பிரதியை இணைத்துள்ளோம். நிர்வாகம் இன்னும் குழாயைத் திருத்தவில்லை. பெண்கள் மலையிலிருந்து வந்த கையோடு குடத்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். குழாயை விரைவில் திருத்தும்படி தாங்கள் நிர்வாகத்துக்கு அறிவுறுத்த வேண்டும் என்றும், அதுவரை பவுசரில் தண்ணீர் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இது பழையதைவிட நீளம். ஆனாலும் வேகமாகப் போகிறது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு செய்தியைக் கொடுத்துவிட்டு முடிவதால் வாசிக்கிறவர் எதையும் சுமந்துகொண்டு நடக்க வேண்டியதில்லை. சொற்களைக் குறைத்தால்தான் வேகம் வரும் என்று நினைத்து விவரங்களை வெட்டிவிடாதீர்கள்.

சேர், துரைமாருக்கும் அதிகாரிகளுக்கும் எழுதும்போது நேரடியாக எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்காதா?

இருக்காது. தமிழில் மரியாதை தங்கும் இடங்கள் வேறு. "தாங்கள்" என்ற விளி, "-ஆர்", "-ஆர்கள்" என்ற விகுதிகள், "கேட்டுக்கொள்கிறோம்", "தயவுசெய்து" போன்ற சொற்கள் அதைச் சுமக்கின்றன. இவை எல்லாவற்றையும் செய்வினையில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மேலே உள்ள கடிதத்தில் மரியாதை குறைந்த ஓர் இடத்தை உங்களால் காட்ட முடியாது.

சொல்லப்போனால் செயப்பாட்டு வினையில்தான் மரியாதை கெடுகிறது. "தங்களால் நடவடிக்கை எடுக்கப்படும் என எதிர்பார்க்கப்படுகின்றது" என்ற வரியில் எதிர்பார்க்கிறவர் யார் என்றே தெரியவில்லை. கட்டளை மாதிரியும் ஒலிக்கிறது. "தாங்கள் உதவுவீர்கள் என்று நம்புகிறோம்" என்றால் இரண்டு பக்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நம் பெரியவர்கள் இந்த நடையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அவர்கள் கைக்கு வந்த சுற்றறிக்கைகளும் பதில் கடிதங்களும் இதே நடையில் இருந்ததுதான். அலுவலகம் எழுதுவது போல எழுதினால்தான் அலுவலகம் மதிக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பல தலைமுறையாகக் கையெழுத்துப் போடுவதற்கே அடுத்தவரிடம் போய் நின்ற மக்கள் நாம். ஆனால் சுற்றறிக்கை எழுதுகிறவருக்குத் தன்னை மறைத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. முறையிடுகிறவருக்கு அது இல்லை.

செய்தவர் பெயரைப் போட்டால் நாளைக்கு எனக்கே வம்பு வரும். அப்போது என்ன செய்வது?

இது நியாயமான அச்சம். கடிதம் கொடுத்த மறுநாளும் அதே கங்காணியின் கீழ்தான் மலைக்குப் போக வேண்டும். இந்த இடத்தில் "-ப்பட்டது" ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். தமிழ் வேறு வழிகளையும் வைத்திருக்கிறது.

ஒன்று, செய்தவரைச் சொல்லாமல் "-ஆர்கள்" என்று மட்டும் முடிப்பது. "இந்த மாதம் எங்களுக்கு நாலு நாள் அரைப்பேர்தான் போட்டார்கள்." யார் போட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் மனிதர்கள் எடுத்த முடிவு இது என்பது வினையின் வாலிலேயே தெரிகிறது. பேச்சுத் தமிழில் நாம் எப்போதும் இப்படித்தான் சொல்கிறோம்: ரோட்டை மூடிவிட்டார்கள், கரண்டை வெட்டிவிட்டார்கள். எழுத்திலும் இது முழுக்கச் சரி.

இரண்டு, ஆளைச் சொல்லாமல் பொறுப்பைச் சொல்வது. "நிர்வாகம்", "தோட்ட அலுவலகம்", "தொழிற்சாலை". பெரும்பாலான முறைப்பாடுகளுக்கு இது போதும். பதில் சொல்ல வேண்டியதும் அந்தப் பொறுப்புத்தான்.

மூன்று, தன்வினை. நம் வினைகள் பல இரட்டையாகவே இருக்கின்றன: உடைந்தது, உடைத்தார், நின்றது, நிறுத்தினார், குறைந்தது, குறைத்தார். முதல் வடிவத்தைப் போட்டால் செய்தவர் தேவையே இல்லை, வாக்கியமும் இலேசாக இருக்கும். இது பழைய வழக்கம். செய்யப்படும் பொருளே செய்தது போலச் சொல்வதும் மரபு என்று தொல்காப்பியம் சொல்கிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் உதாரணம் "திண்ணை மெழுகிற்று". திண்ணை தன்னைத் தானே மெழுகவில்லை. கேட்கிறவருக்கு அது தெரியும்.

மூன்றாவது வழியில் கவனம் தேவை. "மேற்பிரிவில் வேலை நின்றது" என்று எழுதினால் மழையால் நின்றதோ, ஆளில்லாமல் நின்றதோ என்று அதிகாரி நினைத்துக்கொள்வார். யாரோ நிறுத்தியிருந்தால் "வேலையை நிறுத்திவிட்டார்கள்" என்றுதான் எழுத வேண்டும். இயற்கையாக நடந்ததற்கு முதல் வடிவம், மனிதர் செய்ததற்கு இரண்டாவது. பயத்தினால் இந்த எல்லையைத் தாண்டினால் முறைப்பாடே கரைந்துவிடும்.

பெயரைச் சொல்லியே ஆக வேண்டிய இடமும் உண்டு. சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் திணைக்களத்துக்கு "ஊழியர் சேமலாப நிதிக்கான பங்களிப்புகள் செலுத்தப்படவில்லை" என்று எழுதுகிறார்கள். சட்டப்படி தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில்கொள்வோரின் பங்கு 12 சதவீதம். தொழிலாளியின் பங்கைச் சம்பளத்தில் கழித்து, இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டியவர் தொழில்கொள்வோர். மேலே உள்ள வரியில் இது எதுவும் தெரியாது, தொழிலாளிதான் கட்டாமல் விட்டாரோ என்றுகூடத் தோன்றும். "நிர்வாகம் எங்கள் சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பணத்தையும் தன் பங்கான 12 சதவீதத்தையும் நிதியில் செலுத்தவில்லை" என்று எழுதுங்கள். கழித்த செயல் ஒன்று, செலுத்தாத செயல் ஒன்று என இரண்டும் தனித்தனியாகத் தெரியும். முதலாவதுக்குச் சம்பளச் சிட்டை சாட்சி, இரண்டாவதுக்கு நிதியின் கணக்குக் கூற்று சாட்சி. கையில் சாட்சி இருக்கும் அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். சிட்டை இல்லாமல் "கழித்துக்கொண்டது" என்று எழுத வேண்டாம்.

மலையக வரலாறு பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். "பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது" என்பதை எப்படி மாற்றுவது?

இரண்டு விதமாக மாற்றலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தப் பத்தி யாரைப் பற்றியது என்பதைப் பொறுத்தது.

பத்தி அரசைப் பற்றியது என்றால் சட்டத்தை எழுவாயாக வையுங்கள்: "1948இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது." பத்தி மக்களைப் பற்றியது என்றால் அவர்களையே எழுவாயாக வைக்கலாம்: "அந்தச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள்." பாதிப்புக்கு உள்ளானவரை எழுவாயாக வைக்கச் செயப்பாட்டு வினைதான் வேண்டும் என்பதில்லை. இழந்தார்கள், ஆனார்கள், பெற்றார்கள், அடி வாங்கினார்கள் போன்ற வினைகள் தமிழில் நிறைய உண்டு.

இன்னும் கவனிக்க வேண்டிய இடம் 1964. "சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு மக்கள் பங்கிடப்பட்டனர், பெருந்தொகையானோர் நாடுகடத்தப்பட்டனர்" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். யார் என்று கேட்டு எழுதினால் இப்படி வரும்: "1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேரை இலங்கை ஏற்கும் என்று முடிவு செய்தார்கள். மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று தள்ளிவைத்தார்கள்." இரண்டு பேர் உட்கார்ந்து ஏறக்குறைய பத்து இலட்சம் பேரைப் பிரித்தார்கள் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

"நாடுகடத்தப்பட்டனர்" என்ற சொல்லில் இன்னொரு சிக்கல். இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துப் போனவர்களும் இருந்தார்கள், போக மனமில்லாமல் அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்த ஒற்றைச் சொல் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. "விண்ணப்பித்தார்கள்", "கப்பலேறினார்கள்", "அரசு அனுப்பியது" என்று வினைகளைப் பிரித்து எழுத முயன்றால் எந்த வாக்கியம் யாரைப் பற்றியது என்று நீங்களே தேடிப் பார்க்க வேண்டிவரும். அந்தத் தேடல்தான் கட்டுரைக்குத் தேவை.

எல்லாவற்றையும் செய்வினையாக்கினால் சின்னப் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகம் மாதிரி துண்டுதுண்டாக வருகிறதே?

அதற்கு வினையெச்சம் இருக்கிறது. ஒரே ஆள் வரிசையாகச் செய்யும் வேலைகளை "செய்து, செய்து, செய்தார்" என்று கோத்துவிடலாம். தமிழ் வாக்கியம் வேகமாக ஓடுவது இந்தக் கோவையில்தான்.

தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றி ஒரு மாணவி எழுதியதாக வைத்துக்கொள்வோம்: "கொழுந்து வாட்டலுக்கு உட்படுத்தப்படுகிறது. பின்னர் உருட்டல் மேற்கொள்ளப்படுகிறது. அதனைத் தொடர்ந்து நொதித்தல் இடம்பெறுகிறது. பின்னர் உலர்த்தல் செய்யப்படுகிறது." இதையே இப்படிச் சொல்லலாம்: "கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, சூளையில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள்." நாலு வாக்கியத்தில் இருந்ததும் அதற்கு மேலும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. இனி ஒவ்வொரு படியையும் தனியாக விளக்கலாம். அப்போது "வாட்டல்", "நொதித்தல்" என்ற பெயர்களையே தலைப்பாக வைப்பதில் தவறில்லை. அவை அந்தத் தொழிலில் படிகளின் பெயர்கள். பெயரைப் பெயராகப் பயன்படுத்தினால் கனமில்லை, வினை செய்ய வேண்டிய இடத்தில் அதை உட்காரவைத்தால்தான் கனம்.

கோவையில் ஒரு பொறி இருக்கிறது. நடுவில் ஆள் மாறினால் வாக்கியம் குழம்பிவிடும். "அதிகாரி வந்து பார்த்து, மக்கள் குறைகளைச் சொல்லி, எழுதிக்கொண்டு போனார்" என்பதில் யார் எழுதிக்கொண்டு போனார் என்று ஒரு கணம் தடுமாறுகிறோம். ஆள் மாறும் இடத்தில் எச்சத்தை மாற்றுங்கள்: "அதிகாரி வந்து பார்த்தார். மக்கள் குறைகளைச் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்." மழை, மண் போன்ற இயற்கை நிகழ்வுகளில் மட்டும் "மழை பெய்து மண் சரிந்தது" என்று எழுவாய் மாறினாலும் காது ஏற்றுக்கொள்கிறது, ஒன்று மற்றதற்குக் காரணம் என்பது தெளிவாக இருப்பதால்.

மூன்று நான்கு எச்சங்களுக்கு மேல் போனால் முற்றுப்புள்ளி வைத்துவிடுவது என் பழக்கம். தேயிலை மாதிரி எல்லாருக்கும் தெரிந்த வரிசைக்கு அதற்கு மேலும் போகலாம்.

மழைக்காலத்தில் கோயிலிலும் சனசமூக நிலையத்திலும் ஒட்டும் அறிவித்தலை எப்படி எழுதுவது?

அறிவித்தலில் செயலைச் செய்ய வேண்டியவர் அதை வாசிக்கிறவரேதான். ஆகவே ஏவல் வினையில் எழுதுங்கள்.

"மண்சரிவு அபாயம் நிலவும் பகுதிகளில் வசிப்போரின் தற்காலிக இடம்பெயர்வு மேற்கொள்ளப்படுதல் வேண்டும்" என்ற வரியை மழைக்குள் நின்று வாசிக்கும் ஒருவருக்குத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது உடனே புரியாது. எப்போது போக வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதும் அதில் இல்லை.

> நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு கண்டால், மரமோ கம்பமோ சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினால், உடனே வீட்டை விட்டு வெளியேறுங்கள். வயதானவர்களையும் பிள்ளைகளையும் முதலில் அனுப்புங்கள். பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள். கிராம உத்தியோகத்தருக்குத் தகவல் சொல்லுங்கள்.

பாடசாலை மண்டபம் பாதுகாப்பான இடம்தானா என்று கிராம உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில தோட்டங்களில் பாடசாலையே சரிவில்தான் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கையை அறிவித்தலில் சேர்ப்பதானால் அதன் சொற்களை மாற்றாமல் தனியாகப் போட்டு, அதற்குக் கீழே உங்கள் ஏவல் வரிகளை எழுதுங்கள்.

செய்தி எழுதுகிறேன். "விபத்து இடம்பெற்றுள்ளது" என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள்?

எழுதுகிறார்கள். ஆனால் வாசகருக்கு வேண்டியது என்ன மோதியது, எது விழுந்தது என்பது. "ஹட்டன்–நுவரெலியா வீதியில் லொறி ஒன்று பள்ளத்தில் விழுந்தது" என்றால் விபத்து என்ற சொல்லே தேவையில்லை. தவறு யார் பக்கம் என்று பொலிஸார் சொல்வதற்கு முன்னால் "மோதினார்" என்று சாரதியை எழுவாயாக்காதீர்கள். "லொறியும் முச்சக்கர வண்டியும் மோதிக்கொண்டன" என்பதே போதும்.

அப்படியானால் "-ப்பட்ட" எங்கேயும் வரக்கூடாதா?

வரலாம். "பாதிக்கப்பட்டவர்கள்", "கைவிடப்பட்ட தொழிற்சாலை", "தடைசெய்யப்பட்ட மருந்து" போன்றவை இப்போது ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டன. அவற்றை உடைத்தால்தான் வாசிப்பு தடுக்கும். செய்தவர் உண்மையிலேயே தெரியாதபோதும், செய்தவர் யார் என்பது அந்த இடத்தில் முக்கியமில்லாதபோதும் அதை விட்டுவிடலாம். "இந்தப் பாலம் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்டது" என்ற வாக்கியத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சட்ட வாசகங்களையும் உடன்படிக்கைகளையும் மேற்கோள் காட்டும்போது அவற்றில் கைவைக்கவே கூடாது.

நான் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்றே ஒன்று: ஒரே வாக்கியத்தில் "-ஆல்" என்று செய்தவரையும் சொல்லி "-ப்பட்டது" என்றும் முடிப்பது. "தலைவரால் கூட்டம் கூட்டப்பட்டது." செய்தவரைத்தான் சொல்லிவிட்டீர்களே, பிறகு எதற்குச் சுற்றுவழி? "தலைவர் கூட்டம் கூட்டினார்."

எழுதி முடித்த பிறகு விரைவாகச் சரிபார்க்க வழி உண்டா?

போனிலோ கணினியிலோ எழுதுகிறீர்கள் என்றால் தேடும் பெட்டியில் "ப்பட" என்று போட்டுப் பாருங்கள். "செய்யப்பட்டது", "செய்யப்படும்", "செய்யப்படாத" என்று பெரும்பாலானவை அகப்படும். "அப்படி", "இப்படி", "எப்படி" என்பவையும் கூடவே வரும், அவற்றைத் தாண்டிப் போங்கள். அடுத்து "மேற்கொள்", "இடம்பெற", "முன்னெடு" என்று தேடுங்கள். "-மையினால்", "-மை தொடர்பில்" ஆகியவற்றை மூன்றாவதாகத் தேடலாம். "வழங்கப்படாமையினால்" போன்ற சொற்களில் ஒரு முழு வாக்கியமே மடிந்து கிடக்கும், அதை விரித்துத் தனியாக எழுதுங்கள்.

அகப்பட்ட எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் "யார்?" என்று கேளுங்கள். விடை தெரிந்தால் மாற்றுங்கள். விடை முக்கியமில்லை என்றால் விட்டுவிடுங்கள். விடை முக்கியம், ஆனால் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் கடிதத்தை இன்னும் அனுப்ப வேண்டாம். தெரிந்தவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.